சுவரைத் திருப்பி வைத்தவள்

என் சின்ன மருமகள் ஒரே ஒரு வரி எழுதி ஊரில் பாதிப் பேரை வாயடைக்க வைத்தவள். பாதிப் பேர் என்பது கொஞ்சம் அதிகம்தான். பத்திருபது பேர் இருப்பார்கள். அவர்களிலும் சிலர் தூக்கம் வந்து தாமாகவே அடங்கியிருக்கலாம். வரியும் ஒன்றில்லை, நாலைந்து. ஆனால் கதை சொல்கிறவள் முதல் வரியிலேயே கணக்குப் பார்த்தால் இரண்டாவது வரியை யார் படிப்பார்கள்?

வீட்டில் அவளுக்கு நிதானம் என்று பெயர். வைத்தது என் மகன், அதுவும் கோபத்தில். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டினான். இந்த வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை, யாருக்கும் பொறுப்பில்லை, நான் ஒருத்தன் மட்டும் எத்தனையைப் பார்ப்பது என்று மூச்சு விடாமல் பேசினான். அவள் கதவில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டாள். அவன் மூச்சு வாங்கிய இடத்தில், "உங்க கையிலதான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். சிரிக்கவில்லை, முறைக்கவில்லை, அதை வைத்து அடுத்த வாரம் குத்திக்காட்டவும் இல்லை. அதுதான் அவனால் பொறுக்க முடியவில்லை. "ஆமா, பெரிய நிதானம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறவிக் குணம் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றது. கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு செல்போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திட்டு வாங்குவதுதான் வேலை. "திட்டுறவங்க எப்படியும் ஒரு இடத்துல மூச்சு வாங்குவாங்க அத்தை. அந்த இடத்துலதான் நாம பேசணும். நடுவுல பேசினா அவங்க திரும்ப முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க" என்பாள். நான் அவள் மாமனாரிடம் இதைச் சோதித்துப் பார்த்தேன். அவர் மூச்சே வாங்குவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

இப்போது அவள் இருப்பது ஒரு டிரைவிங் ஸ்கூலில். டயர் கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். மேலே ஒரு அறை. சுவர் நிறைய சாலைக் குறியீட்டு அட்டைகள், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் இவள். சேர வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, லைசென்ஸ் சோதனைக்குத் தேதி வாங்குவது, ஃபோன் எடுப்பது. இது போக பள்ளியின் பேஸ்புக் பக்கத்தையும் இவள் தலையில் கட்டியிருந்தார் முதலாளி.

முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர்தான் கத்திக் கத்திக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து யாரோடாவது வாதாடும்போது அவர் வலது கால் தரையை அழுத்தும். எதிரில் இருப்பவர் பேச்சுக்கு பிரேக் போடுகிறாராம். நல்ல மனுஷன். கோபம் வந்தால் மட்டும் ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அந்தப் பள்ளியில் புதிதாக ஒரு பெண் பயிற்சியாளரைச் சேர்த்தார்கள். எல்லோரும் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் பல வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பெண்களுக்குத் தனியாகக் காலை வகுப்பு ஆரம்பிக்கலாம் என்ற யோசனையும் நிதானத்துடையதுதான். அதை நம்பி அந்தம்மா வேன் வேலையை விட்டுவிட்டு வந்தார். முதலாளி அரை மனதோடு தலையாட்டினார்.

"இந்த மாசம் முடியட்டும்மா. ஆள் சேர்ந்தா வகுப்பு நடக்கட்டும். சேரலைன்னாலோ, பேரு கெட்டுதுன்னாலோ, போஸ்டையும் எடுத்துடுவேன், வகுப்பையும் எடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வருத்தப்படக் கூடாது."

நிதானம் போஸ்ட் போட்டாள். பள்ளியின் கார், அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு டீச்சரம்மா, கீழே இரண்டு வரி: பெண்களுக்கான காலை வகுப்பு, கற்றுத்தருபவர் இவர், சேர விரும்புவோர் கேட்கலாம்.

கேட்க வந்தவர்களைவிடக் கேலி செய்ய வந்தவர்கள் அதிகம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உலைமூடி இல்லாத அந்த வாய்களுக்கெல்லாம் இப்போது கையில் ஆளுக்கொரு செல்போன்.

அன்று நான் அங்கே இருந்தேன். அவள் சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். கொடுக்கப் போனவள், வேடிக்கை நன்றாக இருக்கவே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்தவர், 'இனிமேல் வீட்டுக்குள் இருப்பவர்களும் ஹெல்மெட் போட வேண்டும்' என்று எழுதியிருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இவனுக்கு என்ன பதில் எழுதப் போறே?" என்றேன்.

"எதுவும் இல்ல அத்தை. இது ஜோக்கு. பழைய ஜோக்கு. பதில் சொன்னா ஜோக்கு போயி சண்டையாயிடும்."

"மறைச்சுடு."

"அதுவும் வேண்டாம். நாலு பேர் சிரிச்சிட்டுப் போகட்டும். சிரிக்கிறதையெல்லாம் மறைச்சா, இவங்க கிட்ட கார் கத்துக்கவே பயமா இருக்கும்."

அடுத்தது கொஞ்சம் காரம். 'பணம் வாங்கிட்டு வாரக்கணக்கா சோதனைத் தேதி குடுக்கல. ஃபோன் பண்ணா எடுக்கறதில்ல. ஏமாத்துக்காரப் பசங்க. இதுல புது வகுப்பு ஒண்ணுதான் குறைச்சல்.' முதலாளி இதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏமாத்துக்காரனாமே? யாரைப் பார்த்து? முதல்ல அதைத் தூக்கும்மா."

நிதானம் தூக்கவில்லை. அந்த மனிதரின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடினாள். "சார், இவர் சொல்றது நிஜம். இவருக்கு வாங்கின தேதி தள்ளிப் போச்சு. நாம அவர்கிட்ட சொல்லவே இல்ல."

"அதுக்காக ஏமாத்துக்காரன்னு சொல்றதா?"

"வார்த்தை தப்பு சார். கோபம் சரி."

பிறகு அவருக்குக் கீழே எழுதினாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். 'வணக்கம். தேதி தள்ளிப்போனதை உங்களுக்குத் தெரிவிக்காதது எங்கள் தவறு. மன்னிக்கவும். உங்கள் ஃபோன் நம்பரை இங்கே போடாமல் மெசேஜில் அனுப்புங்கள். நாங்களே கூப்பிடுகிறோம்.' 'ஏமாத்துக்காரன்' என்ற வார்த்தையைத் தரையில் கிடந்த தண்ணீரைப் போலத் தாண்டிப் போய்விட்டாள். நானாக இருந்தால் அதில் இறங்கிக் குளித்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

மூன்றாவதாக ஒன்று வந்தது. டீச்சரம்மாவின் உடம்பைப் பற்றி, நடத்தையைப் பற்றி. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் பேனாவைக் கழுவ வேண்டும். நிதானம் அதை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாள். பின்னால் போலீஸ், புகார் என்று போனால் வேண்டுமாம். உடனே மறைத்தாள். பதில், ஒரு புள்ளி கூட இல்லை.

ஆனால் டீச்சரம்மா அதற்குள் பார்த்திருந்தார். காலை வகுப்புக்காகத் துடைத்து வைத்த காரின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே மேஜை அருகில் வந்து நின்றார்.

"நான் பழைய வேலைக்கே போயிடட்டுமா தங்கச்சி? என் பையன் இதையெல்லாம் படிச்சா என்ன நினைப்பான்?"

"உங்க பையன் ஃபோன்ல அது தெரியாதுக்கா. மறைச்சாச்சு."

"அழிச்சிட்டியா?"

"அழிக்கல. அழிச்சா அவனுக்குத் தெரிஞ்சுடும். என் கருத்தை எப்படி எடுக்கலாம்னு இன்னும் மோசமா எழுதிட்டு வருவான். மறைச்சா அவன் கண்ணுக்கு மட்டும் அப்படியேதான் இருக்கும். சுவத்துல எழுதிட்டோம்னு அவன் சந்தோஷமா உக்காந்திருப்பான். நாம சுவத்தைத் திருப்பி வெச்சுட்டோம்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"அவனோட பேஸ்புக் நண்பர்களுக்குத் தெரியும்."

"இப்படி எழுதுறவனுக்கு நண்பர்கள் வேற இருக்காங்களாக்கும்" என்றேன் நான். டீச்சரம்மா கொஞ்சம் சிரித்தார். சாவி உருட்டுவது நின்றது.

"ரெண்டு நாளைக்கு நீங்க அந்தப் போஸ்ட் பக்கமே போகாதீங்கக்கா. அதைப் படிக்க எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. உங்களுக்குக் குடுக்கல."

அப்புறம் வந்தவர்தான் சிங்கம். சொந்தப் படத்துக்குப் பதிலாகப் பிடரி சிலிர்த்த ஒரு சிங்கத்தின் படம் வைத்திருந்தார். பெண்களுக்கு ரிவர்ஸ் எடுக்க வராது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. நிதானம் எழுதினாள்: 'வணக்கம். எங்கள் பயிற்சியாளர் பல வருடம் குழந்தைகளின் பள்ளி வேன் ஓட்டியவர். சந்தேகம் இருந்தால் காலையில் மைதானத்துக்கு வந்து பார்க்கலாம்.'

சிங்கம் மறுபடி எழுதியது. மைதானத்துக்கு வந்தால் என் உயிருக்கு யார் உத்தரவாதம் என்றது. நிதானம் அடுத்த விண்ணப்பத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினாள்.

"ஏண்டி, அவன் கேட்டுட்டுப் போறான், நீ பாட்டுக்கு உக்காந்திருக்கியே?"

"முதல் பதில் அவருக்குக் கூட இல்லத்தை. கீழ வந்து படிக்கிறவங்களுக்கு. அவங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. ரெண்டாவது பதில் என் கோபத்துக்கு. அதை ஏன் கம்பெனி பேர்ல போடணும்?"

அவளுக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் வேறொரு பக்கத்தைத் திறந்து சிங்கத்துக்கு ஒரு பதில் தட்டினாள். எனக்கு வாசித்தும் காட்டினாள். அடடா, என்ன பதில். அந்தப் பிடரியில் ஒரு முடி மிஞ்சியிருக்காது. பிறகு முழுவதையும் அழித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. வெளியே வைத்த விருந்தைத் திரும்ப உள்ளே எடுத்துப் போவதுபோல இருந்தது.

"அதை எனக்கு அனுப்பு. நான் என் பேர்ல போடுறேன். எனக்கு முதலாளி கிடையாது."

"உங்க பேருக்குப் பக்கத்துல என்னோட கல்யாண ஃபோட்டோ இருக்கு அத்தை. ஸ்கூல்காரங்களே வீட்டு ஆளுங்களை வெச்சு சண்டை போடுறாங்கன்னு சொல்லுவாங்க."

நான் என் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டேன்.

எல்லாம் இப்படியே போயிருந்தால் இது கதையே இல்லை. மறுநாள் மதியம் நிதானம் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பேஸ்புக் பக்கத்துக்கு அவரும் ஒரு பொறுப்பாளர்தானே. ஒற்றை விரலால் தட்டுகிறவருக்கு ஒற்றை விரல் போதும், குடும்பத்தைக் கவிழ்க்க.

சிங்கத்துக்குக் கீழே, பள்ளியின் பெயரிலேயே, பத்தி பத்தியாக எழுதினார். உன் வீட்டுப் பெண்கள் தப்பித்து ஓட ரிவர்ஸ் தெரிய வேண்டியதில்லை, முதல் கியரே போதும் என்றெல்லாம். கை சூடு பிடித்ததும் கண் அந்தத் தேதிக்காரர்மேல் போனது. ஏமாத்துக்காரன் என்ற வார்த்தை இன்னும் அங்கேயே நின்றதல்லவா? அதை மறைத்துவிட்டார். அதோடு, அதற்குக் கீழே நிதானம் எழுதிய மன்னிப்பும் சேர்ந்து மறைந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை.

மிச்ச வேடிக்கையைப் பார்க்க நான் போய்ச் சேர்ந்ததும், நிதானம் திரும்பி வந்ததும் ஒரே நேரம். பக்கம் தீப்பிடித்த வைக்கோல் போர். விஷயம் இதுதான். தேதிக்காரரின் ஃபோனில் அவர் எழுதியது பத்திரமாக இருந்தது. உடன் வேலை செய்யும் ஒருவரிடம் காட்ட, அவர் தன் ஃபோனில் தேடியிருக்கிறார். தேதிக்காரருக்கு அவர் பேஸ்புக்கில் நண்பர் இல்லை. அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, 'கேள்வி கேட்டா மறைக்கிறாங்க, எதிர்த்துப் பேசினா குடும்பத்தை இழுக்கிறாங்க. இவங்களை நம்பி உங்க வீட்டுப் பெண்களை அனுப்பாதீங்க' என்று தேதிக்காரர் புதிதாக எழுதிவிட்டார். முதலாளியின் பத்திகளையும் யாரோ படம் பிடித்து ஒட்டியிருந்தார்கள். வகுப்பு பற்றி விசாரித்திருந்த இரண்டு பெண்கள், 'வேண்டாம், பிறகு பார்க்கலாம்' என்று எழுதிவிட்டார்கள்.

முதலாளி முகம் வெளிறிப்போயிருந்தது. "போஸ்டையே எடுத்துடும்மா. வகுப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

டீச்சரம்மா கீழே டயர் கடை வாசலில்தான் நின்றிருந்தார். மாடிக் கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கும்.

"போஸ்டை எடுத்தா, இந்தப் படங்கள் மட்டும்தான் ஊர்ல மிஞ்சும் சார். நம்ம பக்கத்துப் பேச்சு எதுவும் மிஞ்சாது. எனக்கு அரை மணி நேரம் குடுங்க. ஆனா நீங்களும் ஒண்ணு செய்யணும்."

"என்ன?"

"தேதிக்காரரை நீங்களே கூப்பிட்டுப் பேசணும். நம்பர் மெசேஜ்ல அனுப்பியிருக்காரு. தேதி இப்பதான் வாங்கிட்டு வந்தேன்."

"நானா? என்னை ஏமாத்துக்காரன்னவன்கிட்டயா?"

"அவர் மூச்சு வாங்குற வரைக்கும் நீங்க பேசக்கூடாது. அவ்வளவுதான்."

முதலாளி ஃபோனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. அதுவே நல்ல சகுனம் என்றாள் நிதானம்.

இங்கே அவள் முதலில் தேதிக்காரரின் பழைய கருத்தை மறுபடி வெளியே தெரிய வைத்தாள். பிறகு முதலாளியின் பத்திகள். திருத்தலாமே என்று நான் கேட்டதற்கு, திருத்தினால் முன்னால் என்ன இருந்தது என்று தோண்டிப் பார்க்க வழி இருக்கிறது, தவிர கெட்டதைத் திருத்தி நல்லதாகக் காட்டுவதும் ஒரு பொய்தான் என்றாள். அழித்தாள். ஆனால் சத்தமில்லாமல் அழிக்கவில்லை. அந்த இடத்திலேயே எழுதினாள்: 'பள்ளியின் பெயரில் இங்கே எழுதப்பட்ட பதில் தவறு. நீக்கிவிட்டோம். யார் குடும்பத்தைப் பற்றியும் பேச எங்களுக்கு உரிமை இல்லை. வருந்துகிறோம்.' தேதிக்காரரின் படத்துக்குக் கீழே: 'நீங்கள் சொல்வது உண்மை. உங்கள் கருத்து மறைக்கப்பட்டது. மறைத்திருக்கக் கூடாது. இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.'

யார் எழுதியது, யார் மறைத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. படிக்கட்டிலிருந்து திரும்பி வந்த முதலாளி அதைப் படித்தார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

"என் பேரைப் போடலியே."

"பக்கம் பேசுறது ஒரே குரல் சார். நீங்க தனியா, நான் தனியா இல்ல."

"நாம தலை குனிஞ்சுட்டோம்னு நினைக்க மாட்டாங்களா?"

"குனிஞ்சுதான் இருக்கோம். எழுந்துக்கிறதுக்கு அதான் வழி."

மேற்கொண்டு வந்தவற்றில் பெரும்பாலானவற்றை அவள் தொடவே இல்லை. 'நல்ல நாடகம்' என்றார் ஒருவர், விட்டாள். ஒரே ஆள் வெவ்வேறு இடத்தில் ஒரே வசவை ஒட்டிக்கொண்டே போனான், அதை மறைத்தாள். சிங்கம் மட்டும் மணிக்கொரு தரம் கர்ஜித்தது. பதில் இல்லாத கர்ஜனை கொஞ்ச நேரத்தில் கொட்டாவி மாதிரி ஆகிவிட்டது.

மாலையில், கேட்காமலேயே, தேதிக்காரர் தன் படத்துக்குக் கீழே எழுதினார்: 'ஓனரே கூப்பிட்டுப் பேசினாரு. தேதி குடுத்துட்டாங்க. சரி, விடுங்க.' அந்த நாலு வார்த்தை செய்த வேலையை முதலாளியின் நாலு பத்தி நாலு ஜென்மத்துக்குச் செய்திருக்காது. அதற்குக் கீழே ஒரு பெண், 'காலை வகுப்பு எத்தனை மணிக்கு?' என்று கேட்டிருந்தார்.

நிதானம் நேரத்தை எழுதினாள். பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். டயர் கடையிலிருந்து டீச்சரம்மா மேலே ஏறி வந்து, ஒன்றும் கேட்காமல், அவள் மேஜையிலிருந்த பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாசம் முடிந்தது. காலை வகுப்பு ஆரம்பிக்கிற அன்று மைதானத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாம் வரிசையில் நிற்க, போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். வரிசையில் முதல் ஆளாக யார் தெரியுமா? சிங்கம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டியை முன்னால் தள்ளி, "டீச்சரம்மா, இவளுக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடுங்க, நான் செஞ்சது தப்பு" என்று—

"அத்தை."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எப்போது எட்டிப் படித்தாள் என்று தெரியவில்லை.

"சிங்கம் வரவே இல்ல. இன்னைக்குக் காலைல கூட ஏதோ எழுதியிருந்தாரு, நான் பார்த்துட்டு விட்டுட்டேன். கூட்டமும் இல்ல, ஆறு பேருதான். ஆனா ஆறு பேரு போதும்னு சார் சொல்லிட்டாரு, டீச்சரக்கா வேலையில இருக்காங்க. முதல்ல வந்து நின்னது தேதிக்காரரோட வீட்டம்மா."